பிள்ளைகள் அறையின் முப்பரிமாணப் படம் நிஜப் புகைப்படமாகத் தெரிய: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் வீடு திருத்துகிறவர்களுக்கும் தச்சுப் பட்டறைக்காரர்களுக்கும், அறை எப்படி அமையப்போகிறது என்பதை முன்கூட்டியே கணினியில் படமாக்கிக் கொடுப்பது என் தொழில். இதே வேலையைக் கற்றுக்கொள்ளும் இளையவர்கள், மற்ற அறைகளை ஓரளவு செய்துவிட்டு, பிள்ளைகள் அறைக்கு வந்ததும் திண்டாடுகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான விடைகளுக்கு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் பார்த்த ஒரே ஓர் அறையையே உதாரணமாக எடுத்திருக்கிறேன்.

வரவேற்பறை நன்றாகத்தான் வருகிறது. பிள்ளைகள் அறை மட்டும் ஏன் கார்ட்டூன் போல ஆகிவிடுகிறது?

வரவேற்பறையில் சாம்பலும் பழுப்பும் வெள்ளையும்தான் இருக்கும். அந்த நிறங்கள் நம்முடைய தவறுகளை மன்னித்துவிடும். பிள்ளைகள் அறைக்கு வந்ததும் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று கை தாராளமாகிவிடுகிறது. கணினியில் தெரிவுசெய்யக்கூடிய நிறங்களில் பல, உலகத்தில் எந்தத் தீந்தைக்கும் இல்லாதவை. கண் அதை உடனே கண்டுபிடித்துவிடுகிறது, காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும்.

நிறம் முதல் காரணம். கட்டிலின் அளவு பிசகுவதும், அந்த அறையில் எந்தப் பிள்ளையும் வாழ்ந்த அடையாளம் இல்லாததும் அதற்கு அடுத்தவை. வெளிச்சமும் கமராவும் சேர்ந்தால்தான் படம் முழுமையாகும் என்றாலும், நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை இந்த மூன்றிலிருந்தே வந்தன.

எந்த மென்பொருளில் செய்வது? காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. பிளெண்டர் இலவசம். அதிலுள்ள Cycles, சுவரில் பட்ட ஒளி இன்னொரு சுவருக்குப் போய்த் திரும்பி வருவதைக் கணக்கிடுகிறது. நிறம் நிறைந்த சிறிய அறைக்கு அதுதான் உயிர். கீழே வரும் மெனுப் பெயர்கள் பிளெண்டருடையவை. வேறு மென்பொருள் பயன்படுத்துகிறவர்களுக்கும் காரணங்கள் ஒன்றே.

எதிலிருந்து தொடங்க வேண்டும், கட்டிலிலிருந்தா, சுவரிலிருந்தா?

அளவு நாடாவிலிருந்து. நான் சொன்ன அறை 10 அடிக்கு 11 அடி. கூரை உயரம் 9 அடி 6 அங்குலம். மேற்குச் சுவரில் யன்னல்: அடி விளிம்பு தரையிலிருந்து 3 அடி, மேல் விளிம்பு 7 அடி, வெளியே ஒன்றரை அடி நீட்டிய மழைத்தடுப்பு. யன்னலுக்கு நேர் எதிரே, 10 அடி தள்ளி, கிழக்குச் சுவர். ஒன்றின் மேல் ஒன்றாக அமைந்த அடுக்குக் கட்டில் அதை ஒட்டி, தெற்கு மூலையில் நிற்க வேண்டும். கதவு வடக்குச் சுவரின் நடுவில். அறையில் இருக்கப்போவது 9 வயது அக்காவும் 5 வயதுத் தம்பியும்.

இந்த அளவுகளை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறி, வெயில், கமரா எல்லாவற்றுக்கும் இவற்றையே திரும்ப எடுக்கப்போகிறேன்.

இணையத்தில் இலவசமாக அடுக்குக் கட்டில் மாதிரிகள் கிடைக்கின்றனவே. அதைப் போட்டால் போதாதா?

அவற்றில் அதிகமானவை ஐரோப்பிய மெத்தைக்குச் செய்தவை. அந்த மெத்தை 200 சென்ரிமீற்றர் நீளம், 90 அகலம். இங்கே தச்சர் செய்யப்போவது 72 அங்குலத்துக்கு 36 அங்குல மெத்தைக்கான கட்டில். ஏறக்குறைய 17 சென்ரிமீற்றர் நீளம் குறைவு. நம் சிறிய அறைக்குள் அந்த நீளக் கட்டிலை வைத்தால் அறை நெருக்கமாகத் தெரியும். அதைச் சரிக்கட்ட மாதிரி முழுவதையும் சுருக்கினால் மரச்சட்டங்களும் சேர்ந்து மெலிந்து, பொம்மைவீட்டுக் கட்டில் போலாகிவிடும். அதனால் நானே கட்டுகிறேன். ஒரு காலை நேரத்தில் முடிகிற வேலைதான்.

வெள்ளவத்தை அறைக்குச் செய்தது இப்படி. வெளியளவு 78 அங்குலத்துக்கு 39. கீழ் மெத்தையின் மேற்பரப்பு தரையிலிருந்து 18 அங்குலம். அதன் கீழே இரண்டு பெரிய லாச்சிகள். கீழ் மெத்தையிலிருந்து மேல் கட்டிலின் அடிப்பாகம் வரை 36 அங்குலம், தம்பி தலை இடிக்காமல் உட்கார்ந்து படிக்கலாம். மேல் கட்டிலின் சட்டமும் பலகைகளும் 4 அங்குலம், மெத்தை 5 அங்குலம். ஆக, மேல் மெத்தையின் மேற்பரப்பு 63 அங்குலத்தில், அதாவது 5 அடி 3 அங்குலத்தில் வரும். தடுப்புச் சட்டம் 70 அங்குலத்தில் முடிகிறது.

தடுப்பை விருப்பத்துக்கு வரையக் கூடாது. அமெரிக்கப் பாதுகாப்பு விதியின்படி அது மெத்தைக்கு மேலே குறைந்தது 5 அங்குலம் எழ வேண்டும். இடைவெளிகள் மூன்றரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது, 6 வயதுக்குக் குறைந்த பிள்ளையை மேலே படுக்கவிடக் கூடாது. உங்கள் படத்தைப் பார்த்துத்தான் தச்சர் வேலையைத் தொடங்குவார். படத்தில் தாழ்வான தடுப்பு அழகாக இருக்கிறது என்று நீங்கள் விட்டால், அது அப்படியே மரத்தில் வந்து நிற்கும்.

மேல் கட்டிலுக்கும் மின்விசிறிக்கும் என்ன சம்பந்தம்? படம்தானே, விசிறியை மறைத்துவிடலாமே?

கொழும்பில் விசிறி இல்லாத பிள்ளைகள் அறையை யாரும் நம்பமாட்டார்கள். மறைத்தால், பார்ப்பவருக்கு எதுவோ குறைகிறது என்று தோன்றும். ஆனால், இருந்தபடியே வைத்தாலும் சிக்கல். கணக்குப் பாருங்கள். விசிறி அறையின் நடுவில், கிழக்குச் சுவரிலிருந்து 5 அடியில், அதாவது 60 அங்குலத்தில் தொங்குகிறது. 56 அங்குல விசிறிக்கு ஆரை 28 அங்குலம். எனவே இறகின் நுனி சுவரிலிருந்து 32 அங்குலம் வரை வரும். கட்டிலோ 39 அங்குலம் நீட்டி நிற்கிறது. இறகு கட்டிலுக்கு மேலே 7 அங்குலம் உள்ளே சுழலும். அது கூரையிலிருந்து ஓர் அடி தாழ்ந்து, 8 அடி 6 அங்குலத்தில் இருக்கிறது. 63 அங்குல உயர மெத்தையில் 9 வயதுப் பிள்ளை எழுந்து நின்றால் தலை எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

48 அங்குல விசிறி போட்டாலும் 3 அங்குலம் உள்ளே வருகிறது. முதல் படத்தில் நான் இதைக் கவனிக்கவில்லை. பிள்ளைகளின் தாயார்தான் பார்த்துக் கேட்டார். விசிறியைக் கழற்றிவிட்டு, தெற்குச் சுவரில், மேல் கட்டிலில் இருந்து கை எட்டாத தூரத்தில், சுவர் விசிறி ஒன்று வைத்தோம். கூரையில் விசிறி தொங்கிய கொக்கி அப்படியே இருந்தது. அதையும் படத்தில் விட்டேன். அந்தச் சிறு கொக்கியைப் பார்த்துத்தான் அவர் "இது எங்கள் அறையேதான்" என்றார்.

சுவருக்குக் கடுகு மஞ்சள் கொடுத்தேன். படத்தில் தோடம்பழ நிறமாக வருகிறது. எங்கே பிழை?

பிழை இல்லை, ஒளி அப்படித்தான் நடந்துகொள்ளும். #D9A441 என்ற கடுகு மஞ்சளை எடுத்துக்கொள்வோம். அதன் மேல் வெள்ளை ஒளி பட்டால், சிவப்பில் 100க்கு ஏறக்குறைய 69, பச்சையில் 37, நீலத்தில் 5 பங்கு திரும்பி வரும். திரும்பிய அதே ஒளி எதிரே உள்ள மஞ்சள் சுவரில் பட்டு இன்னொரு முறை வந்தால் சிவப்பு 48, பச்சை 14 ஆகிவிடும், நீலம் ஒன்றுக்கும் கீழே போய்விடும். முதலில் சிவப்பு பச்சையைப்போல் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. இப்போது மூன்றரை மடங்கு. அதுதான் நீங்கள் பார்க்கிற தோடம்பழ நிறம். சின்ன அறையில் சுவர்கள் நெருக்கமாக நிற்பதால் ஒளி அதிக முறை மோதுகிறது. நான்கு சுவருக்கும் ஒரே அழுத்தமான நிறம் கொடுத்தால் மூலைகள் தீப்பிடித்தது போல் தெரியும்.

பெயிண்ட் கடையின் நிற அட்டையில் பார்த்ததைவிடச் சுவரில் நிறம் அடர்த்தியாகத் தெரிவதற்கும் இது ஒரு காரணம். அதனால் பெரிய பரப்புக்கு, விரும்பிய நிறத்தைவிட வெளிறிய ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். நான் அந்த மஞ்சளை #DDB566 என்று மாற்றினேன். அறைக்குள் வந்ததும் அது கடுகு மஞ்சளாகவே தெரிந்தது. வெள்ளையையும் முழு வெள்ளையாக வைக்காதீர்கள். நல்ல வெள்ளைச் சுவர்கூட விழும் ஒளியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். #E6E1D6 போன்ற ஒன்று போதும். முழு வெள்ளை வைத்தால் ஒளி எங்கும் தங்காமல் சுற்றிக்கொண்டே இருந்து, மூலைகளின் நிழலை அழித்துவிடும்.

பழைய கொழும்பு வீடுகளின் சிவப்புச் சீமெந்துத் தரையிலும் இதே விளைவு வரும். தரையின் சிவப்பு கூரைக்கும் மேல் கட்டிலின் அடிப்பாகத்துக்கும் ஏறும். அதைக் குறையென்று நினைத்து அகற்றிவிடாதீர்கள். அந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்த மெல்லிய சிவப்புத்தான் வீட்டின் அடையாளம்.

அப்படியானால் எல்லாவற்றையும் வெளிர் நிறமாக்கிவிடவா? பிள்ளைகள் அறைக்கு உற்சாகம் வேண்டாமா?

வேண்டும். ஆனால் அடர்த்தியான நிறத்துக்கு எங்கே இடம் என்பதுதான் கேள்வி. அடுக்குக் கட்டில் இதற்கு வாய்ப்பான பொருள். கீழ்க் கட்டிலின் உட்பக்கச் சுவர் ஒரு குகை போன்றது, அங்கே ஒளி குறைவு. அந்தச் சுவருக்கு மட்டும் மஞ்சள் கொடுத்தோம். நிறம் குகைக்குள்ளேயே அடங்கி, கட்டிலுக்குள் விளக்கு எரிவது போல ஓர் இதம் வந்தது. லாச்சி முகப்புகளுக்குப் பசுநீலம், #5E8C87. மற்றச் சுவர்கள் வெள்ளை, கட்டில் மரத்தின் நிறத்திலேயே.

மீதி உற்சாகத்தைப் பொருட்கள் கொண்டுவரட்டும். சிவப்பு லொறி, ஊதாக் குடை, பச்சைத் தண்ணீர்ப் போத்தல். சிறிய பொருளில் அடர்த்தியான நிறம் இருந்தால் அறை முழுவதையும் சாயம் பூசாது, கண்ணுக்கும் தித்திப்பாக இருக்கும்.

AgX போட்டதும் நிறமெல்லாம் செத்துப்போகிறது. Standard-க்கு மாற்றிவிடலாமா?

கணக்கிட்ட ஒளியைத் திரையில் தெரியும் நிறமாக மாற்றுவது View Transform. 2023இல் வந்த பிளெண்டர் 4.0 முதல் அது இயல்பாகவே AgX ஆக இருக்கிறது. AgX நிறத்தைச் சற்று அடக்குவது உண்மை. ஆனால் Standard செய்வதைப் பாருங்கள். வெயில் பட்ட இடத்தில் நம் மஞ்சள் மூன்று மடங்கு பிரகாசமானால், சிவப்பும் பச்சையும் இரண்டுமே எல்லையைத் தாண்டிவிடும். Standard இரண்டையும் ஒரே உயரத்தில் வெட்டிவிடும். கடுகு மஞ்சள் அந்த இடத்தில் மட்டும் எலுமிச்சை மஞ்சளாகிவிடும், அதற்குள் எந்த ஏற்ற இறக்கமும் இராது. புகைப்படத்தில் அப்படி நடப்பதில்லை. நல்ல கமராவில் வெயில் பட்ட நிறம் மெல்ல வெளிறும். AgX அதையே செய்கிறது.

எனவே AgX இருக்கட்டும். Look என்பதில் Medium High Contrast தெரிவுசெய்யுங்கள், போன உயிர் பெரும்பகுதி திரும்பிவிடும். அதற்கு முன்பே பொருட்களின் நிறத்தை ஏற்றத் தொடங்கினால், முந்தைய விடைகளில் சொன்ன தீந்தைக் கணக்கெல்லாம் குழம்பிவிடும்.

யன்னலால் வெயில் தரையில் நீளமாக விழுகிற படங்கள் எவ்வளவு அழகு! நான் வைத்தால் மட்டும் ஏன் பொய்யாகத் தெரிகிறது?

நீங்கள் பார்த்த படங்கள் பெரும்பாலும் வடக்கே தொலைவில் உள்ள நாடுகளுடையவை. அங்கே குளிர்காலத்தில் நடுப்பகலிலும் சூரியன் தாழ்ந்தே நிற்கும். கொழும்பு நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகைக்குள் இருக்கிறது. நடுப்பகலில் சூரியன் தலைக்கு மேலே, ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் கிட்டத்தட்ட உச்சந்தலையில். டிசம்பரில்கூட நடுப்பகல் உயரம் 60 பாகை. மழைத்தடுப்பு உள்ள யன்னலால் அந்த வெயில் அதிகம் உள்ளே வராது. மதியம் பன்னிரண்டு மணி வெளிச்சத்தோடு தரையில் நீண்ட வெயில் கட்டம் போட்டால், இங்கே வாழ்கிறவர்களின் உடம்பு அதை நம்ப மறுக்கும்.

நீண்ட வெயில் வேண்டுமென்றால் காலையோ மாலையோதான். வெள்ளவத்தை அறையில் மேற்கு யன்னல், கடல் பக்கம். மார்ச் மாதக் கடைசியில் மாலை 5 மணிக்குச் சூரியன் ஏறக்குறைய 20 பாகையில் இருக்கும். அந்தக் கோணத்தில் ஒளி ஓர் அடி உள்ளே போவதற்குள் ஏறக்குறைய நான்கரை அங்குலம் இறங்கும். கட்டிலின் முன்பக்கம் யன்னலிலிருந்து 6 அடி 9 அங்குலத்தில் இருக்கிறது. மழைத்தடுப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், அங்கே வெயில் தரையிலிருந்து அரை அடி முதல் 4 அடி வரை ஒரு பட்டையாகப் படும். அதாவது லாச்சிகளும் கீழ்க் கட்டிலும் வெயிலில், மேல் கட்டில் நிழலில். இதை வரைந்து பார்த்தபோது எனக்கே மகிழ்ச்சி: மஞ்சள் குகைக்குள் வெயில் நேராகப் போய் நிற்கிறது. வானத்தையும் சூரியனையும் தரும் Sky Texture-இல் Sun Elevation-ஐ 20 ஆக வைத்து, திசையை மேற்காக்கினால் போதும். வேறு விளக்கு எதுவும் சேர்க்கவில்லை.

யன்னலில் கம்பிக் கிராதி இருந்தால் அதையும் கட்டாயம் செய்யுங்கள். வெயில் பட்டைக்குள் அந்தக் கம்பி நிழல் விழும்போதுதான் அது கொழும்பு யன்னல்.

கமராவை எங்கே வைப்பது? அறை முழுவதும் தெரிய வேண்டும் என்று கேட்கிறார்கள்.

புகைப்படக்காரர் உண்மையில் நிற்கக்கூடிய இடத்தில் வையுங்கள். சுவரை மறைத்துவிட்டு, வெளியே தொலைவில் நின்று எடுப்பது கணினியில் எளிது. ஆனால் 10 அடி அறையை அவ்வளவு தூரத்திலிருந்து யாராலும் பார்க்க முடியாது என்பது பார்வையாளருக்குத் தெரியும். அறை, முன்சுவர் இல்லாத நாடக மேடைபோல் ஆகிவிடும். நான் கதவு நிலையில், ஓர் அடி பின்னே நின்றேன். எதிர்ச் சுவர் 12 அடியில். 24 மி.மீ. வில்லையில் தெற்குச் சுவர் முழுவதும் தெரிந்தது, இடப்பக்கம் கட்டிலும் வலப்பக்கம் யன்னலின் பாதியும் வந்தன. 18க்கு இறக்கினால் அருகிலிருக்கும் கட்டில் கால் இழுபட்டு யானைக்கால் போலத் தெரியும்.

உயரம் மூன்றரை அடி. பெரியவர் கண் உயரத்தில் வைத்தால் கட்டிலின் தடுப்பும் மேல் மெத்தையும் கண்முன்னே வந்து முட்டும். மூன்றரை அடி என்பது பிள்ளையின் பார்வைக்கு அருகே. கமராவை மேலோ கீழோ சாய்க்காதீர்கள், X சுழற்சி சரியாக 90 ஆக இருக்கட்டும். படத்தில் தரை கூடி, கூரை குறைந்தால் Shift Y-ஐ நகர்த்துங்கள். அப்போது கட்டிலின் கால்கள் நேராக நிற்கும். பின்னணியை மங்கலாக்குவதும் வேண்டாம். அறை அளவுப் படத்தில் அதிக மங்கல் வந்தால் மேசைமேல் வைத்த சிறு மாதிரியைப் படமெடுத்தது போலத் தெரியும்.

லாச்சிகளும் அலுமாரியும் சுவரில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி இருக்கின்றன. என்ன செய்வது?

இடைவெளி இல்லாததால்தான். தச்சர் இரண்டு லாச்சிகளுக்கு நடுவே 2 அல்லது 3 மி.மீ. விடுவார், இல்லாவிட்டால் அவை உரசும். அந்த இடைவெளி உண்மையாகவே ஆழமாக இருக்க வேண்டும். கோடு வரைந்தால் ஆகாது. ஆழத்தில் ஒளி போய் இருண்டுவிடுவதுதான் லாச்சியை லாச்சியாக்குகிறது. கீழே தரையைத் தொடாமல் சிறிது தூக்கியும் வையுங்கள், துடைப்பம் போக வேண்டுமே.

அடுத்தது விளிம்பு. கணினியில் பெட்டி வரைந்தால் அதன் விளிம்பு கத்திபோல் இருக்கும். மெலமைன் பலகையில்கூட விளிம்புப் பட்டி ஒட்டியதால் ஒரு மி.மீ. அளவு மழுங்கல் உண்டு. மரக் கட்டிலில் பிள்ளைகளுக்காக 3 முதல் 5 மி.மீ. வரை இழைத்து உருட்டுவார்கள். Bevel கொடுத்தால் அந்த வளைவில் யன்னல் வெளிச்சம் மெல்லிய வெள்ளிக் கோடாக ஓடும். மர ரேகையின் திசையையும் பாருங்கள். நிற்கும் காலில் ரேகை மேல்கீழாகவும் கிடக்கும் சட்டத்தில் இடவலமாகவும் ஓட வேண்டும். எல்லாச் சட்டங்களிலும் ஒரே திசையில் ஓடினால் எந்தத் தச்சரும் ஒரு நொடியில் சிரித்துவிடுவார்.

எவ்வளவு சாமான் வைக்க வேண்டும்? வைத்தால் குப்பை, வைக்காவிட்டால் கடைக் காட்சியறை.

எண்ணிக்கையைவிட யாருடையது, எங்கே என்பது முக்கியம். பொருளை எடுப்பதற்கு முன் அந்த இரண்டு பிள்ளைகளின் ஒரு மாலைப்பொழுதை நினைத்துப்பாருங்கள். மாலை 5 மணி. பாடசாலையிலிருந்து வந்தாயிற்று. வெள்ளைச் சீருடை அலுமாரிப் பிடியில் தொங்குகிறது. புத்தகப்பை ஏணி அடியில் சாய்ந்திருக்கிறது, ஒரு கொப்பி வெளியே நீட்டிக்கொண்டு. வெள்ளைச் சப்பாத்துகளில் ஒன்று கட்டிலுக்குக் கீழே பாதி போயிருக்கிறது. தம்பியின் விளையாட்டுச் சாமான்கள் தரையிலும் கீழ் லாச்சியிலும்தான் இருக்கும், அவன் கை எட்டுவது அங்கேதான். அக்காவின் புத்தகங்கள் மேலே, தலைமாட்டுப் பலகையில். ஒரு லாச்சி இரண்டு அங்குலம் திறந்தபடி.

எல்லாப் பொருளும் சுவரின் மஞ்சளுக்கும் பசுநீலத்துக்கும் பொருந்துமாறு நிறம் கொடுப்பதுதான் கற்பவர்களிடம் நான் அதிகம் காணும் பழக்கம். எந்த வீட்டிலும் பிறந்தநாள் பரிசுகள் சுவர் நிறம் பார்த்து வருவதில்லை. இரண்டு மூன்று பொருள் முரண்டு பிடிக்கட்டும். நுளம்பு வலையையும் மறக்காதீர்கள். டெங்குக்குப் பயந்து இங்கே பல பிள்ளைகள் வலைக்குள்தான் தூங்குகிறார்கள். பகலில் அதைச் சுருட்டி ஒரு மூலையில் முடிந்திருப்பார்கள். ஒவ்வொரு துளையையும் செய்யத் தேவையில்லை, ஒளி ஊடுருவும் மெல்லிய துணியாக மடித்தால் போதும்.

படுக்கை விரிப்பு மட்டும் பிளாஸ்டிக் மாதிரி வருகிறது.

துணியைச் சிமுலேஷன் செய்து, கீழ்க் கட்டிலில் ஒருவர் உட்கார்ந்து எழுந்த பள்ளத்தை விடுங்கள். மேல் கட்டிலில் விரிப்பைச் சுவர்ப் பக்கம் செருகுவது எவ்வளவு கடினம் என்று அதைச் செய்த தாய்மாருக்குத் தெரியும். அந்தப் பக்கம் எப்போதும் சுருங்கியே கிடக்கும். கீழே ஓரளவு நேர்த்தி, மேலே கலைவு என்று வேறுபடுத்தினால் இரண்டு கட்டில்களும் ஒரே மாதிரியின் நகல் என்பது மறைந்துவிடும். பருத்தித் துணிக்குப் பளபளப்பு வேண்டாம்.

புகைப்படம் போலத் தெரிய, பிலிம் படங்களில் தெரியும் மணிப்புள்ளி, விளிம்பு நிறச் சிதறல் எல்லாம் சேர்க்க வேண்டுமா?

மிக மெல்லிய மணிப்புள்ளி மட்டும். கணக்கிட்ட படத்தின் புள்ளிப்புள்ளியான இரைச்சலை அகற்றும் இரைச்சல் நீக்கி, துணியின் நெய்தலையும் வழித்துவிடுகிறது, அந்த வழுவழுப்பை இது சற்று மறைக்கும். மற்றவற்றை நான் சேர்ப்பதில்லை. அறைப் படங்களை எடுக்கும் நல்ல புகைப்படக்காரர் அந்தக் குறைகளை நீக்கத்தான் பாடுபடுவார்.

படம் மங்கலாக இருக்கிறது, நிறத்தை இன்னும் ஏற்றுங்கள் என்கிறார் வீட்டுக்காரர். நான் இவ்வளவு கணக்குப் போட்டது வீணா?

முதலில் அவர் எதில் பார்க்கிறார் என்று கேளுங்கள். ஒருவர் வெளிச்சம் குறைத்த கைபேசியில், பஸ்ஸில் வெயிலில் இருந்து பார்த்துவிட்டு எனக்கு இதையே சொன்னார். வாட்ஸ்அப் வழியாகப் போன படம் சுருங்கியும் விடுகிறது. படத்தைக் கோப்பாக அனுப்பி, வீட்டுக்குள் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்போதும் வேண்டுமென்றால், படத்தில் ஏற்றுவதற்கு முன் சுவரில் காட்டுங்கள். பெயிண்ட் கடையில் அந்த நிறத்தின் சிறு டின் வாங்கி, இரண்டு அடிச் சதுரப் பலகையில் பூசி, அந்த அறையிலேயே கட்டிலின் உட்பக்கம் வரப்போகும் இடத்தில் சாய்த்துவையுங்கள். வெள்ளவத்தை வீட்டில் அப்படித்தான் செய்தோம். தாயார் முதலில் அடர் மஞ்சளைக் கேட்டிருந்தார். மாலை வெயில் பலகையில் விழுந்ததும், படத்தில் உள்ள வெளிர் மஞ்சளே போதும் என்று அவரே சொல்லிவிட்டார். ஒருவேளை அவர் அடர் நிறத்தையே தெரிவுசெய்திருந்தால், பொருளின் நிறத்தையே மாற்றிப் புதிதாகக் கணக்கிட்டிருப்பேன். முடிந்த படத்தை எடுத்து நிறத்தை மட்டும் ஏற்றினால் மஞ்சளோடு மரம், வெள்ளைச் சுவர் எல்லாமே சாயம் ஏறி, முதல் கேள்வியில் சொன்ன கார்ட்டூனுக்கே திரும்பிவிடுவோம்.

படம் முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அந்த அலுமாரியில் தொங்கும் வெள்ளைச் சீருடையைப் பாருங்கள். யன்னல் பக்கம் திரும்பிய மடிப்பு மாலை வெயிலின் பொன்னிறத்திலும், நிழல் பக்கம் வானத்தின் மெல்லிய நீலத்திலும், கட்டிலுக்கு எதிரே உள்ள மடிப்பு சிறிது மஞ்சளிலும் இருக்க வேண்டும். மூன்றும் ஒரே வெள்ளையாக இருந்தால் ஒளி எங்கோ சரியாகப் பாயவில்லை. முழுச் சட்டையும் மஞ்சளாகியிருந்தால் சுவரின் நிறம் இன்னும் அடர்த்தி.

அதற்குப் பிறகு படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். நிறம் போனதும் கட்டில் சுவரிலிருந்து பிரிந்து நிற்கிறதா, லாச்சிகளின் இடைவெளி தெரிகிறதா, கீழ்க் கட்டிலுக்குள் ஆழம் இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்பு வெள்ளையில் அறையாகத் தெரியாத படத்தை எந்த நிறமும் அறையாக்குவதில்லை, அப்போது நான் வெளிச்சத்துக்கே திரும்பிப் போவேன். தெரிந்தால் ஒருநாள் மூடிவைத்துவிட்டு, மறுநாள் காலை அந்த அறையில் கைபேசியால் எடுத்த புகைப்படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து அனுப்பிவிடுவேன்.